குறைந்த விலை நூல், கூடுதல் விலைத் துணி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு ஏற்றுமதி ஆர்டர் கையெழுத்தானால் முதலில் வாங்க வேண்டியது நூல். 30-ஆம் நம்பர் கோம்டு நூல் 10 டன் தேவை. மூன்று மில்கள் கொட்டேஷன் அனுப்பியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். யாரிடம் வாங்கலாம், ஏன் என்று பர்ச்சேஸ் மேனேஜர் முதலாளிக்கு ஓர் அறிக்கை எழுத வேண்டும். இங்கே வரும் தொகைகள் கணக்குப் புரிவதற்காக நானே வைத்துக்கொண்டவை.

முதல் மில் கிலோ 262 ரூபாய் கேட்கிறது. லாரி வாடகை நம்முடையது, பணமும் உடனே வேண்டும். இரண்டாவது மில் 270 ரூபாய். சரக்கு நம் வாசலுக்கே வரும், 30 நாள் கடன். மூன்றாவது மில்லுக்கும் வாடகை இல்லை. 276 ரூபாய், 45 நாள் கடன். இந்த மூன்று எண்களையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிட்டால் தப்பு. முதல் மில்லுக்கு வாடகை கிலோவுக்கு 2 ரூபாய் சேர்த்தால் 264. வங்கி வட்டி மாதம் 1 சதவீதம் என்றால், கடன் நாட்களுக்கான வட்டியைக் கழித்தபின் இரண்டாவது 267 ரூபாய் 30 காசு, மூன்றாவது 271 ரூபாய் 86 காசு. இடைவெளி சுருங்கினாலும் முதல் மில்தான் இன்னும் மலிவு.

தரம் என்ற பத்தியில் பல அறிக்கைகள் ‘நன்று’, ‘மிக நன்று’ என்று எழுதி முடித்துவிடும். அதனால் ஒரு பயனும் இல்லை. நூலின் குறை நூலில் தெரியாது, சாயம் ஏறிய துணியில்தான் தெரியும். பஞ்சு மூட்டையிலிருந்து கலந்துவரும் பாலிப்ராப்பிலின் இழை சாயம் பிடிக்காமல் வெள்ளையாகத் துருத்தி நிற்கும். இரண்டு லாட் நூல் ஒரே மெஷினில் கலந்து ஓடினால் துணியில் கோடு கோடாகப் பட்டை விழும். அதனால் மூன்று மில் நூலையும் ஒரே மெஷினில் ஓட்டி, ஒரே சாயப்பட்டறையில் சாயம் ஏற்றி, ஒதுக்கப்பட்ட துணியை எடை போட வேண்டும். மில்காரர் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் நாலு கோன் சாம்பிள் போதாது. ஓடிக்கொண்டிருக்கும் லாட்டிலிருந்து நாமே மூட்டை எடுக்க வேண்டும். முன்பு வாங்கிய சரக்கின் பதிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்ததில் ஒதுக்கிய துணி முதல் மில்லுக்கு 4 சதவீதம், இரண்டாவதற்கு ஒன்றரை, மூன்றாவதற்கு 1 என்று கொள்வோம். துணி ஒதுக்கப்படும்போது நூலோடு நிட்டிங், டையிங் கூலியும் போகிறது. அந்தக் கூலி கிலோவுக்கு 130 ரூபாய் என்றால், ஒரு கிலோ நல்ல துணியின் அடக்க விலை முதல் மில் நூலில் சுமார் 410 ரூபாய், இரண்டாவதில் 403, மூன்றாவதில் 406. ஒதுக்கிய துணியைக் கிலோ 150 ரூபாய்க்குத் தள்ளிவிட்டாலும் இரண்டாவது மில்தான் மலிவு.

டெலிவரிக்குக் கொட்டேஷனில் உள்ள நாட்களை நம்பக் கூடாது. பழைய பர்ச்சேஸ் ஆர்டர் தேதியையும் கேட் பதிவேட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் லாரி வந்த நாளை எண்ணாமல், கடைசி மூட்டை வந்த நாளை எண்ணுங்கள். பாதிச் சரக்கு நேரத்துக்கு வந்து மீதி பத்து நாள் கழித்து வந்தால், சாயப்பட்டறையில் நமக்கு ஒதுக்கிய நாள் போய்விடும். வேறு லாட் வந்துசேரும் ஆபத்தும் அப்போதுதான். தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் அனுப்ப நேர்ந்தால், நூலில் மிச்சம் பிடித்ததெல்லாம் எந்த மூலைக்கு?

விலைக்கு 40, தரத்துக்கு 40, டெலிவரிக்கு 20 என்று மதிப்பெண் போடுவது பல இடங்களில் வழக்கம். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. மிகக் குறைந்த விலைக்கு முழு மதிப்பெண் தந்து மற்றவற்றை அந்த விகிதத்தில் குறைத்தால், மேலே உள்ள மூன்று மில்லும் 40-க்கு 39-ஐ ஒட்டியோ மேலேயோ வாங்கிவிடும். ஆனால் டெலிவரிக்கு ஒருவருக்கு 10, இன்னொருவருக்கு 18 என்று மேனேஜர் மனம்போல் போட முடியும். முடிவைத் தீர்மானிப்பது அந்த 8 மதிப்பெண்தான். எடையைக் கொட்டேஷன் பிரிக்கும் முன்பே எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது இதனால்தான். முடிந்த இடத்திலெல்லாம் மதிப்பெண்ணை விட்டு ரூபாயில் எழுதுவது என் கட்சி.

கடைசிப் பத்தியில், குறைந்த விலை கேட்டவரை ஏன் விட்டோம் என்பதை நேராக எழுத வேண்டும். ஆடிட்டர் முதலில் தேடுவது அதைத்தான். ‘முதல் மில் நூலில் கிலோவுக்கு 3 ரூபாய் 30 காசு மிச்சம், ஆனால் ஒதுக்கும் துணியால் நல்ல துணி கிலோவுக்கு சுமார் 7 ரூபாய் கூடுகிறது. எனவே இரண்டாவது மில். 10 டன்னும் ஒரே லாட்டில் வர வேண்டும் என்பது நிபந்தனை’ என்றால் போதும். முடிவு எப்போது மாறும் என்பதையும் ஒரு வரி சேர்க்கலாம். முதல் மில் கழிவை 2 சதவீதத்துக்குக் குறைத்தால் அதன் அடக்கம் 402 ரூபாய். அன்றைக்கு ஆர்டர் அதற்கே போக வேண்டும்.