ஐந்து புள்ளிகளில் சிக்கும் மொட்டை மாடி வாட்டம்

மொட்டை மாடியில் ஓடு பதித்து முடித்ததும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பது வழக்கம். வாட்டம் இருக்கிறதா இல்லையா என்பதற்கு அது போதும். மீட்டருக்கு எத்தனை மில்லிமீட்டர் சரிகிறது, வடிகுழாய் எந்த மூலையில் வர வேண்டும் என்று கேட்டால் அளந்துதான் சொல்ல முடியும். அளந்து கிடைப்பவை வெறும் புள்ளிகள். அவற்றிலிருந்து ஒரு தளத்தைக் கண்டெடுப்பது எப்படி?

மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் இல்லாவிட்டால், மூன்றையும் தொடும் தளம் ஒன்றே ஒன்றுதான். நான்காவது புள்ளி சேர்ந்ததும் நிலைமை மாறிவிடும். அளவையில் ஓரிரு மில்லிமீட்டர் முன்பின் ஆகாமல் இருக்காது, பூச்சும் முழுச் சமமாக இருக்காது. எனவே எல்லாப் புள்ளிகளையும் தொடும் தளம் கிடைக்காது. எல்லாவற்றுக்கும் இயன்றவரை நெருக்கமான தளத்தைத்தான் தேட வேண்டும்.

ஆறு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம் உள்ள ஒரு மாடியை எடுத்துக்கொள்வோம். அதன் மூலைகளுக்கு அ, ஆ, இ, ஈ என்று பெயர். அ-விலிருந்து நீளவாக்கில் போனால் ஆ, அகலவாக்கில் போனால் இ, குறுக்கே எதிர்மூலையில் ஈ. ஒரு குறியிட்ட மட்டத்திலிருந்து லெவல் கருவியால் உயரம் அளந்தால் அ 102 மி.மீ., ஆ 39, இ 79, ஈ 22, மாடியின் நடுவில் 58 என்று வருகிறது.

முதல் வேலை சராசரிப் புள்ளியைக் காண்பது. நீளவாக்கில் 3 மீட்டர், அகலவாக்கில் 2 மீட்டர், உயரம் 60 மி.மீ. நாம் தேடும் தளம் கட்டாயம் இந்தப் புள்ளி வழியாகப் போகும். அதனால் ஒவ்வொரு அளவிலிருந்தும் இந்தச் சராசரியைக் கழித்துவிடலாம். இனி அ என்பது நீளத்தில் −3, அகலத்தில் −2, உயரத்தில் +42. மற்றவையும் இப்படியே.

அடுத்து, ஒவ்வொரு புள்ளியிலும் நீள விலகலை உயர விலகலால் பெருக்கிக் கூட்டினால் −360. நீள விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 36. வகுத்தால் −10: நீளவாக்கில் மீட்டருக்கு 10 மி.மீ. இறக்கம். அகலவாக்கில் −80-ஐ 16-ஆல் வகுக்க −5. புள்ளிகள் சராசரியைச் சுற்றிச் சமச்சீராக இருப்பதால்தான் இரண்டு வகுத்தலோடு வேலை முடிந்தது. தாறுமாறாகச் சிதறியிருந்தால் இரண்டு சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்க்க வேண்டியிருக்கும்.

கிடைத்த தளத்துக்கும் அளந்த உயரங்களுக்கும் உள்ள வித்தியாசம் எந்த இடத்திலும் 2 மி.மீ.-ஐத் தாண்டவில்லை. நல்ல பொருத்தம்.

இந்தத் தளத்திலிருந்து நேர்செங்குத்தாக எழும் திசைதான் செங்குத்து வெக்டர். இரண்டு சரிவுகளின் குறிகளையும் மாற்றி, மேல்நோக்கி 1 சேர்த்தால் (0.010, 0.005, 1). இதன் நீளம் 1-ஐவிடச் சற்றுக் கூடுதல், 1.00006. அதனால் வகுத்தால் அலகு செங்குத்து வெக்டர், ஏறத்தாழ (0.0100, 0.0050, 0.9999). மூன்று எண்களில் மாடியின் கதை முழுவதும் இருக்கிறது. மேல்நோக்கிய இந்த வெக்டர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் தண்ணீர் ஓடும். இங்கே அது நீளவாக்கில் இரண்டு பங்கும் அகலவாக்கில் ஒரு பங்குமாகச் சாய்கிறது. தண்ணீர் வந்து சேரும் தாழ்ந்த மூலை ஈ. மொத்தச் சரிவு 89-க்கு 1, கோணத்தில் 0.64 டிகிரி.

மேலே செய்த கணக்கு பிழையை மேலும் கீழுமாக மட்டும் அளந்தது. தரைக்கு அது போதும். அதையே ஒரு சுவருக்குப் போட்டால் உடைந்துபோகும். சுவரில் ஒரே இடத்துக்கு நேர்மேலே பல உயரங்களில் புள்ளிகள் இருக்க, சரிவு எல்லையின்றிப் பெருகிவிடும். இதற்கான வழியை 1901-லேயே லண்டனில் கார்ல் பியர்சன் தந்துவிட்டார். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் தளத்துக்கு உள்ள செங்குத்துத் தூரத்தை அளந்து, அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை எந்தத் தளத்துக்கு மிகக் குறைவோ அதை எடுக்க வேண்டும். சராசரியைக் கழித்த பிறகு புள்ளிகள் எந்தத் திசையில் மிகக் குறைவாகப் பரவியிருக்கின்றனவோ, அதுவே செங்குத்துத் திசை. தரை, சுவர், சாய்கூரை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இன்றைய லேசர் ஸ்கேனர் தரும் லட்சக்கணக்கான புள்ளிகளுக்கும் இதே கணக்குதான். பைத்தானில் நான்கு வரி:

```
c = P.mean(axis=0)
U, S, Vt = np.linalg.svd(P - c, full_matrices=False)
n = Vt[2]
if n[2] < 0: n = -n
```

கடைசி வரியை விட்டுவிடக் கூடாது. ஒரு தளத்துக்கு மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் செங்குத்துகள் உண்டு. கணக்குக்கு இரண்டும் ஒன்றே என்பதால் எதை வேண்டுமானாலும் தரும். மாடிக்கு மேல்நோக்கியதை எடுக்கிறோம். சுவரை ஸ்கேன் செய்தவர்கள் கருவி இருந்த பக்கம் நோக்கியதை எடுப்பார்கள். மூன்று அளவுகளும் ஒரே அலகில் இருப்பதும் முக்கியம். நீள அகலத்தை மீட்டரிலும் உயரத்தை மில்லிமீட்டரிலும் கொடுத்தால், புள்ளிகள் உயரத்தில்தான் மிக அதிகமாகப் பரவியிருப்பதாகக் கணக்கு எடுத்துக்கொண்டு, படுத்திருக்கும் மாடியை நிற்கும் சுவராகக் காட்டும்.

நம் மாடிக்கு S-இல் வரும் மூன்று எண்கள் சுமார் 6, 4, 0.0037. மூன்றாவது மட்டும் மிகச் சிறியதாக இருப்பதே தளம் தெளிவாகக் கிடைத்ததற்கு அடையாளம். இரண்டாவதும் அதே அளவுக்குச் சிறுத்திருந்தால் புள்ளிகள் ஒரே கோட்டில் கிடக்கின்றன என்று பொருள். அப்போது வரும் செங்குத்தை நம்ப முடியாது.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து ஒரே ஒரு தவறான புள்ளி. ஈ மூலையில் அளவுகோலைத் தரையில் வைக்காமல் 10 செ.மீ. உயரக் கல்லின் மேல் வைத்துவிட்டதாகக் கொள்வோம். 22 இருக்க வேண்டிய இடத்தில் 122. மறுபடி கணக்கிட்டால் நீளவாக்கில் சரிவு மீட்டருக்கு 1.7 மி.மீ. ஆகச் சுருங்குகிறது. அகலவாக்கில் 7.5 மி.மீ. ஏற்றம்! தண்ணீர் எதிர்ப்பக்கம் ஓடுவதாகச் சொல்கிறது. அதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. அளவுக்கும் தளத்துக்கும் உள்ள வித்தியாசம், தவறான ஈ-யில் 32 மி.மீ. என்றால் சரியான அ-விலும் அதே 32 மி.மீ. வர்க்கக் கணக்கு ஒருவர் குற்றத்தை எல்லாருக்கும் பங்கிட்டுவிட்டது.

இதற்காக 1981-இல் ஃபிஷ்லர், போல்ஸ் இருவரும் முன்வைத்த முறைக்கு ரான்சாக் என்று பெயர். மூன்று மூன்று புள்ளிகளாக எடுத்துத் தளம் அமைத்து, மற்றவற்றில் எத்தனை அதற்கு அருகில் விழுகின்றன என்று எண்ணுவது. அ, ஆ, இ மூன்றையும் எடுத்தால் நடுப்புள்ளி 59-இல் வர வேண்டும். அளந்தது 58. ஆக நான்கு புள்ளிகள் ஒத்துப்போகின்றன, ஈ விலகி நிற்கிறது. ஆனால் ஆ, இ, ஈ மூன்றை எடுத்தாலும் நடுப்புள்ளி 59-தான்! அங்கேயும் நான்கு ஒத்துப்போக, அ குற்றவாளியாகிவிடுகிறது. ஐந்து புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கணக்காலும் இங்கே தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஆ-வுக்கும் ஈ-க்கும் நடுவே ஆறாவது புள்ளி ஒன்றை அளந்தால் போதும். முதல் தளம் சரியென்றால் அங்கே சுமார் 28 மி.மீ., இரண்டாவது சரியென்றால் சுமார் 80. அளவு 30 என்று வந்தால் ஈ-தான் தவறு என்பது உறுதி. வாட்டம் பார்க்கச் சொல்லி ஆளை அழைப்பவர்கள் நான்கு மூலையோடும் நடுப்புள்ளியோடும் நிறுத்தவிடாமல், பக்கங்களின் நடுவிலும் அளக்கச் சொல்ல வேண்டும்.