மற்றொன்று விரித்தலைக் கண்டறிதல்: எழுதி முடித்த கட்டுரைக்குப் பின்சட்டகம்

நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களுள் ஒன்றாக நன்னூல் ‘மற்றொன்று விரித்தல்’ என்பதைச் சுட்டுகிறது. எடுத்துக்கொண்ட பொருளை விட்டு இன்னொன்றை விளக்கிச் செல்வதே அக்குற்றமாகும். எழுதியவருக்கு இக்குற்றம் எளிதில் புலப்படுவதில்லை. விலகிச் சென்ற பத்தியும் தலைப்பிற்கு உறவுடைய செய்தியையே கூறும்; அதன் நடையும் செம்மையாக இருக்கும். இத்தகைய பத்திகளைக் கண்டறியப் பின்சட்டகம் துணைசெய்யும். எழுதுவதற்கு முன் வகுப்பது முன்சட்டகம். எழுதி முடித்த வரைவிலிருந்து பத்திவாரியாகத் திரும்ப எடுப்பது பின்சட்டகம்.

இதற்கு ஒரு தாளை மூன்று பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுதல் வேண்டும். முதற்பகுதியில் பத்தியின் எண், இரண்டாவதில் அப்பத்தி கூறும் கருத்து, மூன்றாவதில் மையக்கருத்துக்கு அது ஆற்றும் பணி ஆகியவை இடம்பெறும். கருத்தை ஒரு முழு வாக்கியமாக எழுதுதல் இன்றியமையாதது. ‘தொழிலாளர் சட்டம்’ என்று தலைப்புச் சொல் மட்டும் எழுதினால் விலகல் மறைந்துவிடும். எழுவாயும் பயனிலையும் உள்ள வாக்கியமே பத்தி எதை நிறுவுகிறது என்பதைக் காட்டும்.

எடுத்துக்காட்டாக, ஜொகூர்த் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றிய ஒரு வரைவைக் கற்பனை செய்துகொள்வோம். ‘தோட்டத் துண்டாடல் ஜொகூரின் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கையைக் குறைத்தது’ என்பது அதன் மையக்கருத்து. முன்னுரை நீங்கலாக எஞ்சிய பத்திகளின் பின்சட்டகம் பின்வருமாறு அமைகிறது:

2. ரப்பர்ப் பயிர்த்தொழில் தமிழ்த் தொழிலாளர்களை ஜொகூருக்குக் கொணர்ந்தது. (பின்புலம்)
3. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி அமைக்கத் தோட்டங்களைப் பணித்தது. (?)
4. 1950களில் பெருந்தோட்டங்கள் சிறு கூறுகளாக விற்கப்பட்டன, தொழிலாளர் வேலையிழந்தனர். (காரணம்)
5. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார், அவர் ம.இ.கா.வின் தலைவராகவும் அமைச்சராகவும் விளங்கினார். (?)
6. குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்ததால் பள்ளிகளில் சேர்க்கை குறைந்தது. (விளைவு)
7. தமிழ்ப்பள்ளிகளைக் காப்பது சமுதாயக் கடமையாகும். (?)

வினாக்குறி இடப்பட்ட மூன்று பத்திகளும் மூன்று வகையான விலகலைக் காட்டுகின்றன. மூன்றாம் பத்தியின் செய்தி உண்மையே. எனினும் அச்சட்டம் கூட்டு மலாய் மாநிலங்களுக்கு உரியது. ஜொகூர் அக்கூட்டில் சேராத மாநிலம். ஆகவே, ஜொகூர்த் தோட்டங்களில் பள்ளி அமைந்த முறையைத் தக்க சான்றுடன் இணைத்தாலன்றி அப்பத்தி மையக்கருத்தைத் தாங்காது. இங்குத் தேவைப்படுவது நீக்கம் அன்று, இணைப்பு.

ஐந்தாம் பத்தியில் இரண்டு கருத்துகள் கலந்துள்ளன. கூட்டுறவுச் சங்கம் துண்டாடலுக்கு எதிர்வினையாகத் தோன்றியதாதலின் அப்பகுதி நான்காம் பத்தியை அடுத்து நிற்கத் தகும். சம்பந்தனின் அரசியல் வாழ்வு மற்றொன்று விரித்தலாகும்; அதனை நீக்கலாம். பின்சட்டக வாக்கியத்தில் இரண்டு எழுவாய்கள் புகுந்தால் பத்தியைப் பிரிக்க வேண்டும் என்பதை இதனால் உணரலாம்.

ஏழாம் பத்தி வேறு வகையானது. கட்டுரை ஒரு காரணகாரியத் தொடர்பை நிறுவ முற்பட்டது, முடிவுரையோ அறிவுரையாகிவிட்டது. நிறுவப்பட்டதை அன்றி நிறுவப்படாததை அது முடிவாக்குகிறது. அறிவுரையே ஆசிரியரின் நோக்கம் எனின் முன்னுரையின் மையக்கருத்தை மாற்றி, இடைப்பத்திகளையும் அதற்கேற்பத் திருத்துதல் வேண்டும். பாதிக்கு மேற்பட்ட பத்திகளுக்கு வினாக்குறி விழுமாயின் பெரும்பாலும் குறை பத்திகளில் இராது, மையக்கருத்திலேயே இருக்கும்.

இம்முறையில் நேரும் பொதுவான பிழை, பத்தியில் உள்ளதை எழுதாமல் எழுத எண்ணியதை எழுதிவிடுவதாகும். இதனைத் தவிர்க்க முன்னுரையை மறைத்துவிட்டு, இறுதிப் பத்தியிலிருந்து முதற்பத்தியை நோக்கிச் சட்டகம் எடுக்கலாம். உடன் பயில்பவர் ஒருவர் எடுப்பது இன்னும் சிறப்பு. அவர் எழுதிய வாக்கியமும் ஆசிரியர் எழுதிய வாக்கியமும் வேறுபடும் இடத்தில் பத்தி தெளிவற்றது எனத் துணியலாம்.

பின்சட்டகம் கருத்தொழுங்கை மட்டுமே அளக்கும். மூன்றாம் பத்தியின் சட்டம் எம்மாநிலங்களுக்கு உரியது என்பதை அது தானே கூறாது. ‘இது ஜொகூருக்கு எவ்வாறு பொருந்தும்?’ என்னும் வினாவை எழுப்புவதோடு அதன் பணி முடிகிறது. விடையை ஆய்வாளர் சான்றுகளிலேயே தேடுதல் வேண்டும்.