இரவு ஒன்பது மணி ரவுட்டர்

அலுவலகம் விட்டு வீடு வந்து, சாப்பிட்டு முடித்து உட்காரும்போது மணி ஒன்பது ஆகிவிடும். பத்தரைக்கு மேல் விழித்தால் மறுநாள் வேலை கெடும். ஆக, கையில் இருப்பது ஒன்றரை மணி நேரம். சிஸ்கோவின் சிசிஎன்ஏ தேர்வுக்கு வேலையில் இருந்தபடியே படித்தபோது எனக்கு வாய்த்தது அவ்வளவுதான்.

முதல் முயற்சியில் நான் போட்ட அட்டவணை தவறானது. திங்கள் முதல் வெள்ளி வரை பாடம் படிப்பது, பயிற்சியையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்குவது என்று வைத்திருந்தேன். திங்களன்று படித்தது ஞாயிறுக்குள் பாதி மறந்துபோனது. இந்தத் தேர்வில் சில கேள்விகளுக்குக் கட்டளைகளைத் தட்டித்தான் விடை காட்ட வேண்டும். அதனால் படித்ததை மறுநாளே கையால் செய்துபார்க்கும்படி வாரத்தை மாற்றிக்கொண்டேன்.

ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். பாடம், ஓஎஸ்பிஎஃப். ரவுட்டர்கள் தமக்குள் பேசிக்கொண்டு, எந்த நெட்வொர்க்குக்கு எந்த வழியில் போகலாம் என்று கண்டுபிடிக்கும் முறை இது. இது இடம்பெறும் பகுதிக்குத் தேர்வில் 25 சதவீதம். ஆறு பகுதிகளில் இதுதான் பெரியது. எனவே ஒரு வாரம் முழுவதும் இதற்குக் கொடுத்தாலும் தகும்.

எந்த நாளானாலும் முதல் பதினைந்து நிமிடம் சப்நெட் கணக்கு. உதாரணமாக, 192.168.10.94/27 என்ற முகவரி எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது? /27 என்றால் மாஸ்க்கின் கடைசி எண் 224. அதை 256-இலிருந்து கழித்தால் 32. நெட்வொர்க்குகள் 0, 32, 64, 96 என்று 32 படியாக ஏறும். 94 விழுவது 64-க்கும் 95-க்கும் இடையில். 64 நெட்வொர்க்கின் முகவரி, 95 பிராட்காஸ்ட் முகவரி. ஆகவே கருவிகளுக்குக் கொடுக்கக்கூடிய கடைசி முகவரி 94. இந்தக் கணக்கை வாரத்துக்கு ஒருநாள் இரண்டு மணி நேரம் போடுவதைவிட, தினமும் ஐந்தாறு போட்டால்தான் வேகம் வரும். தேர்வுக்கு 120 நிமிடம்தான். விட்ட கேள்விக்குத் திரும்பிப் போகவும் முடியாது.

திங்களன்று வாசிப்பு. செவ்வாயன்று சிஸ்கோ இலவசமாகத் தரும் பாக்கெட் டிரேசரில் இரண்டு ரவுட்டர்களை இணைத்து, ஓஎஸ்பிஎஃப்பை ஓடவிடுவது. புதனன்று புதிதாக எதுவும் படிக்கக் கூடாது. செவ்வாயன்று ஓடியதை வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்கும் நாள் அது. வாரத்திலேயே அதிகம் கற்றுக்கொடுத்த மாலை இதுதான் என்பேன்.

ஒரு ரவுட்டரின் முகவரி அதே 192.168.10.94 என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான கட்டளை இது:

```
router ospf 1
 network 192.168.10.64 0.0.0.31 area 0
```

கடைசி 31, நாம் கண்ட 32-இல் ஒன்று குறைத்தது. அதை அழித்துவிட்டு 15 என்று போடுங்கள். ரவுட்டர் எந்தக் குறையும் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் இப்போது கட்டளை 64 முதல் 79 வரைதான் செல்லும். 94 அதற்கு வெளியே நிற்கிறது. அந்த இன்டர்ஃபேஸில் ஓஎஸ்பிஎஃப் நின்றுவிடும். பழைய தொடர்பு அறுந்ததும் `show ip ospf neighbor` என்று கேட்டால் பக்கத்து ரவுட்டர் பட்டியலில் இருக்காது.

இதே வெறுமை வேறு காரணங்களாலும் வரும். பிரித்தறிய `show ip ospf interface` என்று கேளுங்கள். அந்த இன்டர்ஃபேஸே காணவில்லை என்றால் முதலில் `network` வரியைப் பாருங்கள். இன்டர்ஃபேஸ் இருந்தும் பக்கத்து ரவுட்டர் வரவில்லையென்றால், இரு பக்கத்திலும் ஏரியா எண்ணும் நேர அளவுகளும் பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுங்கள். ஈதர்நெட்டில் வழக்கமான அளவு ஹலோ 10 விநாடி, டெட் 40 விநாடி. ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் இரண்டும் சேராது.

வியாழனன்று டிஎச்சிபி, என்டிபி போன்ற சின்னப் பாடங்களில் ஒன்று. வெள்ளியைக் காலியாக விட்டுவிட வேண்டும். வாரத்தில் ஒருநாளாவது அலுவலகம் இழுத்துப்பிடிக்கும். தவறிய மாலையை வெள்ளியில் ஈடுகட்டலாம். இந்தக் காலி நாள் இல்லாத அட்டவணை மூன்றாவது வாரத்திலேயே எனக்கு உடைந்துபோனது.

சனிக்கிழமை மாலை மட்டும் இரண்டு மணி நேரம், கடிகாரம் வைத்து மாதிரித் தேர்வு, முந்தைய கேள்விக்குத் திரும்பாமல். ஞாயிறன்று தவறிய விடைகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதுவேன், ஏன் தவறியது என்ற ஒரு வரியோடு. கணக்குப் பிழையா, பாடமே தெரியவில்லையா, கட்டளை மறந்துவிட்டதா? கணக்குப் பிழை என்றால் திங்களின் முதல் பதினைந்து நிமிடத்துக்குப் போகும். கட்டளை மறதி என்றால் அடுத்த செவ்வாய்க்கு. பாடமே தெரியாதவை மட்டும் அடுத்த வெள்ளிக்குக் காத்திருக்கும்.