முடி நுனியில் ஒட்டிய பச்சை

தோட்டத்தில் எடுத்த பூனைப் படத்தின் பின்னணியைக் கத்தரித்தால், மீசையும் ரோமமும் மொட்டையாகிவிடும். கத்தரிக்கோல் புத்தியே காரணம்: ஒரு புள்ளி பூனை, இல்லையென்றால் தோட்டம். மெல்லிய முடியோ ஒரு புள்ளியின் அகலத்தைக்கூட நிரப்புவதில்லை. அதில் இரண்டும் கலந்திருக்கும்.

அந்தக் கலப்பில் முடியின் பங்குதான் ஆல்ஃபா. முடியின் வெளிச்சம் 40, பின்னணி 200, படத்தில் தெரிவது 136 என்றால், ஆல்ஃபா 0.4.

ஆனால் 40-உம் 200-உம் நமக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் டிரைமேப். உறுதியாகப் பூனையான இடம் வெள்ளை, உறுதியாகப் பின்னணி கறுப்பு, சந்தேகமான ரோம ஓரம் சாம்பல். அக்கம்பக்கத்து வெள்ளை, கறுப்புப் பகுதிகளின் நிறங்களை வைத்து மென்பொருள் சாம்பலுக்கு விடை ஊகிக்கிறது.

சாம்பல் பட்டை குறுகினால் முடி நுனிகள் கறுப்பில் விழுந்து அறுபடும். மிக அகன்றால் புல்லும் ரோமமாகிவிடும். பூனையும் பின்னணியும் ஒரே நிறமென்றால், எந்தக் கணக்கும் தடுமாறும்.

ஆல்ஃபா சரியாக இருந்தும் நுனிகளில் பச்சை தெரிகிறதா? பழைய புள்ளியின் நிறத்தையே ஒட்டியிருக்கிறீர்கள். முடியின் சொந்த நிறத்தையும் கணித்து மாற்றுங்கள். கருநிறப் பின்னணியில் ஒருமுறை, வெளிர் பின்னணியில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். ஒட்டிய நிறம் ஏதாவது ஒன்றில் அகப்பட்டுவிடும்.