இரவில் இறங்கட்டும், காலையில் கேட்கலாம்

பாட்காஸ்ட் ஆப்பில் ‘சப்ஸ்கிரைப்’ தட்டிவிட்டால் புது எபிசோடு தானாக போனுக்குள் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வருவது பட்டியல் மட்டும்தான். நிகழ்ச்சியின் ஃபீட் முகவரியை ஆப் அவ்வப்போது போய்ப் பார்த்து, புதிதாக என்ன வந்திருக்கிறது என்று நமக்குக் காட்டுகிறது. ஆடியோ அப்போதும் சர்வரில்தான் இருக்கிறது. பஸ்ஸில் ஏறி பிளே தட்டும்போது செலவாவது நம் டேட்டா.

எவ்வளவு செலவாகும்? 128 கேபிபிஎஸ் தரத்தில் பதிவான ஒலிக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி. 40 நிமிட எபிசோடு என்றால் 40 எம்பிக்குச் சற்றுக் குறைவு. தினம் ஒன்று கேட்டால் மாதம் 1 ஜிபியைத் தாண்டும். இதை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளலாம்.

ஆண்ட்ராய்டு போனுக்கு AntennaPod என்ற ஆப் நல்லது. இலவசம், கணக்குத் தொடங்கவும் வேண்டாம். நிகழ்ச்சியைத் தேடி சப்ஸ்கிரைப் செய்த பிறகு, செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பகுதிக்குப் போய் ஆட்டோமேட்டிக் டவுன்லோடை ஆன் செய்யுங்கள். அந்த நிகழ்ச்சிக்கென்று இருக்கும் செட்டிங்ஸிலும் அது ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். மொபைல் டேட்டாவில் இறக்க அனுமதி கொடுக்காதீர்கள். இத்தனை செய்தும் காலையில் எபிசோடு இறங்காமல் இருந்தால், பெரும்பாலும் போனின் பேட்டரி சிக்கனம்தான் காரணம். திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் ஆப்பை அது முடக்கிவிடும். போன் செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரி பகுதியை ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று மாற்றினால் சரியாகும். இறங்கிவிட்டதா என்று சந்தேகமா? ஏரோபிளேன் மோடு போட்டு பிளே தட்டிப் பாருங்கள், பாடினால் இறங்கிவிட்டது.

வேகத்தைப் பொறுத்தவரை 1.25x தொடக்கத்துக்குப் போதும். 40 நிமிடம் 32 நிமிடமாகும். குரல் கீச்சென்று மாறாது. ஆப் சுருதியை அப்படியே வைத்து நேரத்தை மட்டும் சுருக்குகிறது. ஆற அமரப் பேசுகிறவருக்கு 1.5x கூடத் தாங்கும். இரண்டு மூன்று பேர் ஒருவர் பேச்சில் ஒருவர் புகும் அரட்டைக்குத் தாங்காது, பெயர்கள் நழுவிவிடும். இசை நிகழ்ச்சியை 1xஇலேயே விடுங்கள், வேகம் கூட்டினால் தாளம் கெட்டுப்போகும். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி தனி வேகம் வைக்க இந்த ஆப்பில் வசதி உண்டு.

படுத்துக்கொண்டு கேட்கிறவர்களுக்கு ஸ்லீப் டைமர் அவசியம். அது இல்லாமல் தூங்கிப்போனால் வரிசையில் உள்ளவை ஒன்றன்பின் ஒன்றாக ஓடி முடியும். எல்லாமே ‘கேட்டாயிற்று’ என்று குறிக்கப்படும். கேட்டதை அழிக்கும் வசதி ஆனில் இருந்தால் இரவு இறக்கியவை காலையில் இருக்காது. பிளேயர் திரையில் டைமரைத் தட்டி 20 நிமிடம் வையுங்கள். நேரம் முடியப்போகும்போது இன்னும் விழித்திருந்தால் போனை ஒரு குலுக்குக் குலுக்கினால் மறுபடி முதலிலிருந்து எண்ணும்படியும் வைக்கலாம். தினமும் வைக்க மறக்கிறவர்கள், குறிப்பிட்ட இரவு நேரத்தில் பிளே தட்டினால் டைமர் தானே தொடங்கும்படி அதே இடத்தில் ஒருமுறை அமைத்துவிடுங்கள்.