உங்களுக்குத் தெரியுமா? கயிற்றுக்கு ஒரு மட்டை, பிரஷ்ஷுக்கு வேறு மட்டை

மெல்லிய, வழவழப்பான கயிறு திரிக்கப் பச்சைத் தேங்காய் மட்டைதான் ஏற்றது. கேரளக் காயல்களில் அதை 6 முதல் 10 மாதம்வரை உப்பங்கழி நீரில் ஊறப்போடுவது பழைய முறை. நாரைப் பிணைத்திருக்கும் பசையை நீரிலுள்ள நுண்ணுயிரிகள் மெல்லக் கரைத்துவிடும். மேல்தோல் கையாலேயே உரிந்தால் பதம் வந்துவிட்டது. அவசரப்பட்டு எடுத்தால் தூள் நாரோடு ஒட்டியே வரும். அப்படித் திரித்த கயிறு சொரசொரத்து, சீராக முறுக்கேறாது.

முற்றிய காயின் பழுப்பு நாரில் லிக்னின் அதிகம். அதனால் அது விறைப்பாக நிற்கும். தேய்க்கும் பிரஷ்ஷுக்கும், செருப்பு மண்ணைச் சுரண்டும் முரட்டுக் கால்மிதிக்கும் அதுவே பொருத்தம். கடையில் அத்தகைய கால்மிதியை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள்: நார் படியாமல் நிமிர்ந்தால் தாராளமாக வாங்கலாம்.