ஒரு கிலோ கேக்கின் பின்னால் ஒரு வரைபடம்

ஆர்டர் ஏன் குறைகிறது என்று பேக்கரிக்காரரிடம் கேட்டால் பேச்சு நேராக வெண்ணெய்க்கும் மாவுக்கும் போகும். "டேஸ்ட்ல என்ன குறை?" என்பார். பல நேரம் அவர் சொல்வது சரிதான். கோளாறு கேக்கில் இருக்காது, கேக்கை வாங்கும் வழியில் இருக்கும்.

அந்த வழியைக் காகிதத்தில் வரைந்து பார்ப்பதுதான் வாடிக்கையாளர் பயண வரைபடம். பெரிய நிறுவனங்களுக்கான சமாச்சாரம்போலத் தோன்றும். ஆனால் இதன் நெருங்கிய உறவான சேவை வரைபடத்தை 1984இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் விளக்கிய லின் ஷோஸ்டாக், தெருமுனையில் ஷூவுக்குப் பாலிஷ் போடும் தொழிலையும் படிப்படியாக வரைந்து காட்டினார். பேக்கரிக்கு மட்டும் பொருந்தாமல் போகுமா?

கோவைப் பக்கம் எந்தக் கடைவீதியிலும் காணக்கூடிய ஒரு பேக்கரியைக் கற்பனை செய்துகொள்வோம். முன்னால் டீ பாய்லர், கண்ணாடிப் பெட்டியில் பப்ஸும் தேங்காய் பன்னும், உள்ளே கேக் ஃப்ரிட்ஜ். வேலைக்குப் போகும் அம்மா ஒருவருக்கு, மகளின் பிறந்தநாளுக்காக முட்டை சேர்க்காத பிளாக் ஃபாரஸ்ட் ஒரு கிலோ வேண்டும்.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். அவர் செய்வதை இடமிருந்து வலமாக வரிசையாக எழுத வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் மூன்று குறிப்புகள்: கடையை எதன் வழியாகச் சந்திக்கிறார், அப்போது மனம் எப்படி இருக்கிறது, எங்கே சிக்குகிறார். மனநிலைக்குக் கூட்டல் இரண்டு முதல் கழித்தல் இரண்டு வரை ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோட்டால் இணைத்துவிடலாம்.

வேலை முடிந்து மாலை ஆறு மணிக்குப் போன் செய்கிறார். யாரும் எடுக்கவில்லை. கோடு கீழே இறங்குகிறது. மறுநாள் மகளோடு நேரில் வருகிறார். கேக் ஆல்பத்தைப் புரட்டும் குழந்தையின் முகம் மலர்கிறது, கோடு உச்சிக்கு ஏறுகிறது. ரசீதில் பெயர் எழுதும் பையன், தர்ஷினியை ஆங்கிலத்தில் எந்த எழுத்தில் தொடங்குவது என்று கேட்காமலே எழுதிக்கொள்கிறான். அடுத்த இரண்டு நாளும் கடையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. கடைக்காரர் கணக்கில் அந்த நாட்களில் ஒன்றுமே நடக்கவில்லை. அம்மாவுக்கோ, ஆர்டர் நினைவில் இருக்குமா, முட்டை சேர்க்காமல் செய்வார்களா என்ற கவலை.

கேக் வாங்க வரும் மாலைதான் கோட்டின் பாதாளம். டீயும் பார்சலும் கேட்டு நிற்கும் கூட்டத்துக்குள் ரசீதை நீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். முறை வந்ததும், "முட்டை இல்லாததுக்கு தனி சார்ஜ்க்கா" என்கிறார்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. ஃப்ரெஷ் கிரீம் கேக் வெக்கையில் நெகிழும் என்றோ, ஸ்கூட்டரில் பெட்டியைச் சாய்க்காமல் வைக்க வேண்டும் என்றோ யாரும் சொல்லவில்லை. வீட்டில் எல்லோரும் ருசியைப் பாராட்டுகிறார்கள். கடைக்காரர் காதுக்கு எட்டுவது அது மட்டும்தான்.

எடுக்காத போனையும் காத்திருந்த மாலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே முடிச்சு என்பது தெரியும். ஆறு மணி டீக் கூட்டம், கல்லாவில் ஒரே ஆள். ஷோஸ்டாக் தன் வரைபடத்தில் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவதையும் தெரியாததையும் ஒரு கோட்டால் பிரித்தார். பேக்கரியிலும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் காரணம் ஒளிந்திருக்கிறது. கல்லாக்காரரை மரியாதையாகப் பேசச் சொல்லிப் பயனில்லை.

ஆள் கூட்டாமலே சிலவற்றைச் செய்யலாம். ரசீதில் பெயரை வாடிக்கையாளரையே எழுதச் சொல்லலாம். முட்டை இல்லாததற்கான கூடுதல் விலையை முன்பணம் வாங்கும்போதே எழுதிவிடலாம். கேக்கை ஐந்து மணிக்கு முன்னால் வாங்க முடியுமா என்று கேட்கலாம். பெயர் எழுதிய கேக்கைப் பெட்டியில் வைக்கும் முன் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், எழுத்துப் பிழையும் அம்மாவின் கவலையும் ஒன்றாகத் தீரும்.

வரைபடத்தில் எல்லாப் புள்ளியும் மேலேயே இருந்தால் அதைக் கிழித்துப் போடலாம். அது முதலாளி தன் நாற்காலியில் உட்கார்ந்து வரைந்தது. போனில் தவறிய அழைப்புகள் எந்த நேரத்தில் குவிகின்றன என்று பார்ப்பதும், ஒரு மாலை எதிர்ச்சாரியில் நின்று சொந்தக் கடையைக் கவனிப்பதும் உண்மையைச் சொல்லும். "கேக் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்ற மரியாதைப் பதில்தான் கிடைக்கும். "கேக்கை வாங்கி வீடு போய்ச் சேர்றவரைக்கும் என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்று கேட்டால் ஸ்கூட்டர் கதை வெளியே வரும்.

இந்தத் தாள் கேக் ஆர்டருக்கு மட்டுமே. நின்றபடி ஒரு டீயும் பப்ஸும் முடித்துவிட்டுப் போகிறவரின் பயணம் சில நிமிடங்களில் முடிந்துவிடும்; அவர் சிக்குவது சில்லறையிலும் ஆறிப்போன பப்ஸிலும். கேக் கொடுக்கத் தனி இடம் ஒதுக்கினால் டீ மேசை சுருங்கும். அதனால் அவருக்கும் ஒரு தாள் வரைந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் மேசையை நகர்த்த வேண்டும்.